எக்கோ அறிக்கையில் 35 விழுக்காடு: மீதி 65 எங்கே போயிற்று?

மாரடைப்பு ஏற்பட்ட மூன்றாம் நாள், தந்தையின் எக்கோ அறிக்கையைக் கையில் பிடித்தபடி ஒரு மகள் எங்கள் எக்கோ அறையின் வாசலில் நின்றிருந்தார். அறிக்கையில் ‘இ.எஃப். 35 விழுக்காடு’ என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. “டாக்டர், அப்பாவின் இதயத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறதா? மீதி 65 விழுக்காடு செத்துப் போய்விட்டதா?” என்று கேட்டார். அதற்குள் உறவினர்களுக்கெல்லாம் தொலைபேசியில் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

இக்கேள்வியை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். அறிக்கையில் வேறு எத்தனையோ எண்கள் இருக்க, இந்த ஓர் எண் மட்டும் பள்ளி மதிப்பெண்ணைப் போலத் தோற்றமளிப்பதே அதற்குக் காரணம். நூற்றுக்கு முப்பத்தைந்து என்றால் தேறியும் தேறாத நிலை என்று நம் மனம் உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. ஆனால் இந்த எண் நூற்றுக்கு இத்தனை என்று போடப்படும் மதிப்பெண் அன்று. நல்ல உடல்நலமுள்ள இளைஞருக்கும் இது நூறாக இருப்பதில்லை. அந்தத் தந்தையின் அறிக்கைகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி, இந்த எண் என்ன சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை இங்கே விளக்குகிறேன்.

இதயத்தின் நான்கு அறைகளுள் இடது கீழறைதான் உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அது தளர்ந்து, நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தால் நிரம்புகிறது. பிறகு சுருங்கி அதை மகாதமனிக்குள் தள்ளுகிறது. சுருங்கி முடித்த பின்னும் அந்த அறை காலியாவதில்லை. சராசரி உடல்வாகு கொண்ட ஒருவருக்கு அறை நிரம்பியிருக்கும்போது 120 மில்லிலிட்டர் இரத்தம் இருப்பதாகக் கொள்வோம். சுருங்கியதும் 70 மில்லிலிட்டர் வெளியேறுகிறது. 50 மில்லிலிட்டர் உள்ளேயே தங்குகிறது. 120இல் 70 என்பது 58 விழுக்காடு. நிரம்பிய இரத்தத்தில் எத்தனை விழுக்காடு ஒரே துடிப்பில் வெளியேறுகிறது என்னும் இந்த விகிதத்தைத்தான் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் என்கிறோம். அறிக்கையில் இது இ.எஃப். என்றோ எல்.வி.இ.எஃப். என்றோ குறிக்கப்பட்டிருக்கும்.

ஆகவே 58 என்பது குறைபாடு இல்லாத இதயத்தின் எண். எக்கோவில் ஆண்களுக்கு 52 முதல் 72 வரையிலும், பெண்களுக்கு 54 முதல் 74 வரையிலும் இயல்பானவை என்று கொள்ளப்படுகிறது. 40 அல்லது அதற்குக் கீழே இருந்தால் உந்துதிறன் குறைந்துள்ளது என்கிறோம். இடைப்பட்ட நாற்பதுகளை இலேசான குறைவு என்கிறோம். அந்த மகளின் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. அவருடைய தந்தையின் 35ஐ ஒப்பிட வேண்டியது 100உடன் அன்று, ஏறத்தாழ 60உடன்தான். குறைவு உண்மையானது, கவனிக்க வேண்டியது. ஆனால் அவர் அஞ்சிய அளவுக்கு அன்று.

அந்த 35 எப்படி வந்தது என்பதையும் பார்ப்போம். அவருடைய இதயத்தின் முன்பக்கத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைத்துக்கொண்டது. அன்றே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைக்கப்பட்டது. மூன்றாம் நாள் எக்கோவில், நிரம்பிய நிலையில் கீழறையின் கொள்ளளவு 130 மில்லிலிட்டர்; சுருங்கிய பின் 84 மில்லிலிட்டர். வெளியேறியது 46 மில்லிலிட்டர். 130இல் 46 என்பது 35 விழுக்காடு. முன்பு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் தள்ளிய இதயம் இப்போது 46ஐத்தான் தள்ளுகிறது. அப்படியானால் உடல் எவ்வாறு தாக்குப்பிடிக்கிறது? இதயம் வேகமாகத் துடித்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. அன்று அவருடைய நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 96. அதனை 46ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4.4 லிட்டர் வருகிறது. முன்பு 72 துடிப்பில் 70 மில்லிலிட்டர் வீதம் 5 லிட்டர் சென்றுகொண்டிருந்தது. படுக்கையில் ஓய்வாக இருக்கும்போது இந்த வேறுபாட்டை அவர் பெரிதாக உணரவில்லை. எழுந்து கழிவறைக்கு நடந்தபோதுதான் மூச்சு வாங்கியது. நடைக்குத் தேவைப்படும் கூடுதல் இரத்தத்தைக் கொடுக்க அந்த இதயத்தில் கையிருப்பு குறைந்திருந்தது.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். அதே நாளில் அதே அறையில் இன்னொருவருக்கும் 35 விழுக்காடு என்று அறிக்கை தந்தோம். அவர் பல ஆண்டுகளாக இதயத் தசை பலவீனத்துக்குச் சிகிச்சை பெறுபவர். அவருடைய கீழறை பெரிதாக விரிந்துவிட்டது. நிரம்பும்போது 200 மில்லிலிட்டர் கொள்கிறது, சுருங்கிய பின் 130 தங்குகிறது. வெளியேறுவது 70 மில்லிலிட்டர், அதாவது நலமுள்ள இதயம் தள்ளும் அதே அளவு. தசையின் வலு குறைந்ததால் அறை விரிந்து, கூடுதலாக நிரப்பிக்கொண்டு, அதில் சிறு பங்கை மட்டும் தள்ளித் தேவையைச் சமாளிக்கிறது. அவர் ஓய்வான நடையில் கடைத்தெருவுக்குச் சென்று வருகிறார். ஒரே எண், இரு வேறு இதயங்கள். நீண்ட காலம் விரிந்தே இருக்கும் இதயத்துக்கும் அதற்குரிய ஆபத்துகள் உண்டு என்பதால் இது மகிழ்ச்சிக்குரிய ஏற்பாடு அன்று. ஆயினும், பக்கத்துப் படுக்கைக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு ஆறுதலோ கவலையோ கொள்வதில் ஏன் பொருளில்லை என்பது இதனால் விளங்கும்.

அடுத்து, இந்த எண்ணை எவ்வளவு நுட்பமாக அளக்க முடியும் என்னும் கேள்வி. எக்கோ அறையில் உங்களை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வோம். இதயம் மார்புச் சுவருக்கு அருகில் வந்து, நுரையீரல் சற்று விலகி, படம் தெளிவாக வருவதற்காகவே அது. குளிர்ந்த களிம்பைத் தடவிக் கருவியை இதயத்தின் நுனிக்கு நேரே வைத்து, இரு வேறு கோணங்களில் படம் பிடிக்கிறோம். அறை மிகப் பெரிதாக இருக்கும் நொடியிலும் மிகச் சிறிதாக இருக்கும் நொடியிலும் படத்தை நிறுத்தி, உட்சுவரின் ஓரத்தைச் சுற்றிக் கோடு வரைகிறோம். கணினி அந்த வடிவத்தை, அடுக்கிவைத்த இட்லித் தட்டுகளைப்போல, மெல்லிய வட்டங்களாகப் பிரித்து அவற்றின் கொள்ளளவைக் கூட்டித் தருகிறது. இதற்கு சிம்ப்சன் முறை என்று பெயர். வேறு வழியும் உண்டு. அனுபவமுள்ள மருத்துவர் இதயம் துடிப்பதைப் பார்த்தே மதிப்பிட்டு எழுதுவார். ‘35 முதல் 40 வரை’ என்றோ, எப்போதும் ஐந்தின் மடங்காகவோ அறிக்கையில் கண்டால், பெரும்பாலும் அது கண்மதிப்பீடு என்று அறியலாம். கண்மதிப்பீடு மட்டமானது அன்று. படம் தெளிவில்லாதபோது தவறாகக் கோடு வரைவதைவிட அதுவே நம்பத்தக்கது.

எந்த முறையானாலும், கோட்டை வரைவது ஒரு மனிதக் கை. விலா எலும்பின் நிழல் விழுந்தாலோ, நோயாளி பருமனாக இருந்தாலோ, நீண்டகால நுரையீரல் நோய் இருந்தாலோ உட்சுவரின் ஓரம் மங்கலாகத் தெரியும். கருவியின் கோணம் சற்றுப் பிசகினால் அறை உண்மையைவிடக் குட்டையாகத் தெரியும். நாடி ஒழுங்கற்றுத் துடிப்பவர்களுக்கு ஒவ்வொரு துடிப்பிலும் இந்த விகிதம் மாறும். ஆகவே பல துடிப்புகளை அளந்து சராசரி எடுக்க வேண்டியிருக்கிறது. இக்காரணங்களால், ஒரே நோயாளியை ஒரே வாரத்தில் இருவர் அளந்தால் ஐந்து முதல் பத்து புள்ளிகள் வரை வேறுபடலாம். போன முறை 38 இருந்தது, இந்த முறை 35 ஆகிவிட்டது என்று கண்கலங்கி வருபவர்களிடம் நாங்கள் சொல்வது இதைத்தான்: இந்த மூன்று புள்ளிகள் உங்கள் இதயத்தில் நேர்ந்த மாற்றமாகவும் இருக்கலாம், கோடு வரைந்த கையின் மாற்றமாகவும் இருக்கலாம். அதே காரணத்தால், 35 இருந்தது 38 ஆனதற்காக இனிப்பு வழங்கவும் வேண்டியதில்லை. இயன்றவரை ஒரே இடத்தில் எக்கோ எடுப்பதும், பழைய அறிக்கையை மறவாமல் கொண்டு வருவதும் இதற்காகவே. பழைய படமும் குறுந்தகட்டில் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டையும் அருகருகே ஓடவிட்டுப் பார்த்தால் எண்ணைவிடத் தெளிவான விடை கிடைக்கும்.

நம் நோயாளியிடம் திரும்புவோம். மூன்றாம் நாள் எடுத்த 35 அவருடைய இதயத்தின் இறுதி நிலையைக் காட்டவில்லை. அடைப்பு ஏற்பட்டபோது ஒரு பகுதித் தசை நிலையாக இறந்திருக்கலாம். அதைச் சுற்றியுள்ள தசையோ உயிரோடு இருந்தும், அதிர்ச்சியால் செயலற்று நிற்கும். எக்கோவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், இரண்டுமே அசைவதில்லை. இரத்த ஓட்டம் மீண்ட பின், அதிர்ச்சியுற்ற தசை சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் மெல்ல மெல்ல அசையத் தொடங்குகிறது. அதனால்தான் வீட்டுக்கு அனுப்பும்போதே, ஆறு வாரம் கழித்து மறுபடியும் எக்கோ எடுக்க வேண்டும் என்று எழுதித் தருகிறோம். அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உரிய மருந்துகளை உட்கொண்டும், மாரடைப்புக்குப் பின் குறைந்தது 40 நாட்கள் கழிந்தும் இந்த எண் 35ஐத் தாண்டாமல் நின்றுவிட்டால், திடீரென இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து இருக்கிறது. அப்போது, அத்தகைய துடிப்பைக் கண்டறிந்து மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் ஐ.சி.டி. என்னும் சிறு கருவியைத் தோளுக்குக் கீழே பொருத்துவது பற்றி மருத்துவர் உங்களிடம் பேசுவார். மூன்றாம் நாள் எண்ணை வைத்து இம்முடிவை எடுப்பதில்லை. அந்த மகள் முதல் நாளே “கருவி வைக்க வேண்டுமா?” என்று கேட்டபோது, ஆறு வாரம் பொறுங்கள் என்று சொன்னதற்குப் பொருள் இதுதான்.

அந்த ஆறு வாரமும் அவர் எடுத்துக்கொண்ட மாத்திரைகளைப் பற்றி வீட்டில் ஒரு குழப்பம் எழுந்தது. “அப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு இல்லையே, ஏன் கொதிப்பு மாத்திரை? சர்க்கரையும் இல்லை, மருந்துக் கடைக்காரர் இது சர்க்கரை மாத்திரை என்கிறாரே?” என்று மகள் தொலைபேசியில் கேட்டார். நியாயமான ஐயம். கொதிப்புக்காகப் பயன்படும் சில மருந்துகள் இதயம் தள்ள வேண்டிய எதிர்ப்பைக் குறைக்கின்றன. அறை விரிந்துகொண்டே போவதைத் தடுக்கின்றன. பீட்டா பிளாக்கர் நாடியைத் தணித்து, தசைக்கு ஓய்வு தருகிறது. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரை நோய்க்கென வந்தவை. பின்னர், சர்க்கரை இல்லாதவர்களிலும் பலவீனமான இதயத்துக்கு நன்மை செய்கின்றன என்று ஆய்வுகளில் தெளிவானது. கடைக்காரர் சொன்னது பிழையன்று. அது முழு விடை அன்று, அவ்வளவே.

ஆறு வாரம் கழித்து எடுத்த எக்கோவில் நிரம்பிய கொள்ளளவு 128, சுருங்கிய பின் 68. வெளியேறியது 60 மில்லிலிட்டர், அதாவது 47 விழுக்காடு. இது கையின் பிழையாக இருக்க முடியாத அளவு மாற்றம். நுனிப்பகுதியில் ஒரு சிறு இடம் மட்டும் அசையாமல் இருந்தது, அது தழும்பு. அது மாறப்போவதில்லை. நாடித்துடிப்பு 68. வீட்டு மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுகிறார்.

இதுவரை சொன்னவை குறைந்த எண்ணைப் பற்றியவை. நல்ல எண்ணும் சில வேளை ஏமாற்றும். சர்க்கரையும் கொதிப்பும் நெடுநாள் உள்ள எழுபது வயது மூதாட்டி ஒருவர். நடந்தால் மூச்சு வாங்குகிறது, மாலையில் கால் வீங்குகிறது. எக்கோவில் இ.எஃப். 62. “இதயம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களே, பின் ஏன் மூச்சு வாங்குகிறது? வயதின் காரணமாக இருக்கும்” என்று வீட்டார் முடிவு கட்டிவிட்டனர். அவருடைய கீழறையின் சுவர் தடித்து விறைத்துப் போயிருந்தது. தளர்ந்து நிரம்ப வேண்டிய நேரத்தில் அது 80 மில்லிலிட்டர்தான் கொண்டது. அதில் 50ஐத் தள்ளியது. 80இல் 50 என்பது 62 விழுக்காடு, பார்வைக்கு அழகான எண். ஆனால் துடிப்புக்கு 50 மில்லிலிட்டர்தான் உடலுக்குப் போகிறது. நிரம்ப இடமின்றிப் பின்னால் தேங்கும் இரத்தம் நுரையீரலை அழுத்துகிறது. இ.எஃப். அளப்பது பிழியும் வலுவை மட்டுமே. நிரம்பும் எளிமையை அன்று. இத்தகைய நோயாளிகளின் அறிக்கையில் ‘டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்ற சொற்கள் வேறொரு வரியில் இருக்கும். அந்த வரியைப் பற்றியும் கேளுங்கள். இதுவும் இதயச் செயலிழப்பின் ஒரு வகையே. (செயலிழப்பு என்னும் இச்சொல்லை நான் விரும்புவதில்லை, இதயம் நின்றுவிட்டது என்று பலர் பொருள் கொள்கிறார்கள். தேவைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை என்பதே அதன் பொருள்.)

மைட்ரல் வால்வு கசிபவர்களுக்கும் இதே ஏமாற்றம் நேரலாம். கீழறையில் 150 மில்லிலிட்டர் நிரம்பி, 90 வெளியேறினால் 60 விழுக்காடு. ஆனால் அந்த 90இல் 40 மில்லிலிட்டர் கசியும் வால்வு வழியே பின்னோக்கி மேலறைக்கே திரும்பினால், உடலுக்குச் செல்வது 50தான். எக்கோவின் கணக்கு, வெளியேறிய இரத்தம் எந்தத் திசையில் சென்றது என்று பார்ப்பதில்லை. ஆகையால் கடுமையான மைட்ரல் கசிவு உள்ளவருக்கு இந்த எண் 60க்கு இறங்கினாலே அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். மற்றவருக்கு இயல்பான எண், அவருக்கு எச்சரிக்கை.

வீட்டில் நாள்தோறும் இ.எஃப். பார்க்க இயலாது, பார்க்கவும் வேண்டியதில்லை. இரண்டு எக்கோக்களுக்கு இடையில் இதயத்தின் நிலையைச் சொல்பவை எடைக் கருவியும் தலையணையுமே. காலையில் சிறுநீர் கழித்த பின், உண்பதற்கு முன் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பாட்டால் ஏறிய சதை அன்று, உடலில் தேங்கும் நீர், மருத்துவமனையை அழையுங்கள். ஒரு தலையணையில் உறங்கியவர் இரண்டு வைத்தால்தான் மூச்சு விட முடிகிறது என்றாலும், நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தாலும், போன மாத அறிக்கையில் எண் நன்றாகத்தானே இருந்தது என்று காத்திருக்க வேண்டாம்.

47 என்னும் எண்ணைக் கண்ட மகிழ்ச்சியில் அந்தத் தந்தை கேட்ட முதல் கேள்வி, “இனி மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?” என்பது. இதற்கு விடை தேடி இலண்டனில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2019ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியானது. அதில் கலந்துகொண்ட 51 பேரும் விரிந்த இதயத் தசை நோயிலிருந்து மீண்டவர்கள், இ.எஃப். இயல்புக்குத் திரும்பியிருந்தது, எந்தத் தொல்லையும் இல்லை. அவர்களில் 25 பேருக்கு மருத்துவர் மேற்பார்வையில் மருந்துகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. ஆறு மாதத்துக்குள் 11 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்த 26 பேரில் ஒருவருக்கும் அக்காலத்தில் அது திரும்பவில்லை. அவர்களுடைய நோய் வேறு, மாரடைப்பு வேறு; ஆயினும் மருந்தின் துணையோடு உயர்ந்து நிற்கும் எண்ணை, மருந்து தேவையில்லாத எண்ணாகக் கொள்ள முடியாது என்பதை அந்த ஆய்வு காட்டியது. நம் நோயாளிக்கோ தழும்பும் இருக்கிறது. எந்த மாத்திரையின் அளவைக் குறைக்கலாம், எதைத் தொடர வேண்டும் என்பதை ஒவ்வொரு வருகையிலும் இரத்த அழுத்தம், நாடி, சிறுநீரகச் செயல்பாடு, பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்வோம் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் முகம் சற்று வாடியது. மகள் ஒரு நீல நிறக் கோப்பைத் திறந்து, முதல் அறிக்கைக்கு மேல் இரண்டாம் அறிக்கையை வைத்தார். அதன் ஓரத்தில் பேனாவால் 128, 68, 60 என்று எழுதி, கீழே அடுத்த எக்கோவின் மாதத்தைக் குறித்துக்கொண்டார்.